கொடுத்த பகுதியை மட்டும் வைத்துக் கதைமாந்தரை எழுதுவது: மாணவர்கள் அடிக்கடி கேட்பவை

“வினாத்தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பேச்சியம்மாளின் பண்புநலனை எழுத வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?”

முதலில் பகுதியை இங்கே வைத்துவிடுகிறேன். கதை நான் எழுதியது. வகுப்பில் ஒருமுறை முழுவதும் வாசித்துக் காட்டினேன். பயிற்சித்தாளில் இந்தத் துண்டை மட்டும் கொடுத்து, “கீழ்க்காணும் பகுதியை மட்டும் கொண்டு பேச்சியம்மாளின் பண்புநலனை விளக்குக” என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன்.

> மழை இன்னும் விடவில்லை. பேச்சியம்மாள் கடைத் தட்டியைப் பாதிக்கு இறக்கிவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். விடிந்தால் பள்ளி திறக்கிறது. மூன்று சட்டைகள் காஜா எடுக்காமல் கிடந்தன.
>
> “அக்கா, என் சட்டை முடிந்துவிட்டதா?” வாசலில் நனைந்தபடி ஒரு சிறுவன் நின்றான்.
>
> அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “கூலி கொண்டுவந்தாயா?”
>
> “அப்பா சனிக்கிழமை தருவதாகச் சொன்னார்.”
>
> “எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு வந்தாயா?” சொல்லிக்கொண்டே சட்டையை எடுத்து உதறினாள். கையோரத்தில் இரண்டு விரல் அகலத் துணி உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. “அடுத்த வருஷம் கொண்டுவா, பிரித்துவிடுகிறேன். புதுச்சட்டை கேட்டு உன் அப்பாவை அலைக்கழிக்காதே.”
>
> பையன் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தான். “நில்லடா.” அவள் ஒரு பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்தாள்.
>
> எதிர்க்கடைச் சண்முகம் சிரித்தார். “காசு வைக்காமல் பேச்சியிடம் ஒரு பித்தான்கூட வாங்க முடியாது என்று ஊர் சொல்கிறது.”
>
> அவள் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எதையோ எழுதினாள். பிறகு அந்தப் பக்கத்தை மடித்து வைத்தாள்.

இதைப் படித்ததும் பேனாவை எடுக்காதீர்கள். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலால் மூன்று விதமான இடங்களை மட்டும் கோடிடுங்கள்: அவள் செய்வது, அவள் சொல்வது, அவளைப் பற்றி அடுத்தவர் சொல்வது. பல கதைகளில் கதைசொல்லியே “அவள் கண்டிப்பானவள்” என்று எழுதிவிடுவார். அப்போது அது நான்காவது வகை. இந்தப் பகுதியில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. பேச்சியம்மாள் நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ கதை வாய்திறக்கவில்லை. தட்டி, சட்டை, பை, நோட்டு என்று பொருள்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே உங்கள் விடையும் அந்தப் பொருள்களில் இருந்துதான் கிளம்ப வேண்டும்.

“முழுக்கதையும் எனக்குத் தெரியும். பின்னால் வருவதையும் சேர்த்து எழுதினால் கூடுதல் மதிப்பெண் கிடைக்காதா?”

கிடைக்காது, இருக்கிற மதிப்பெண்ணும் குறையும்.

கதையின் பிற்பகுதியில் பேச்சியம்மாளின் மகன் சீருடை இல்லாமல் பள்ளியை விட்டு நின்றவன் என்பது வருகிறது. வகுப்பில் அந்த இடத்தை வாசித்தபோது எல்லோரும் அமைதியாகிவிட்டீர்கள். அதன் விளைவு, பாதிப் பேருடைய விடைத்தாளில் முதல் வரியே “தன் மகன் இழந்ததை மற்றப் பிள்ளைகள் இழக்கக்கூடாது என்று நினைக்கும் தாய்” என்றிருந்தது. நல்ல வரிதான். ஆனால் கொடுத்த பகுதியில் மகன் இல்லை. அவள் தாய் என்பதற்கே அதில் சான்று கிடையாது.

வினா எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். கதை நினைவிருக்கிறதா என்பதை வேறு வினா சோதிக்கும். கண்முன் இருக்கும் இருபது வரியிலிருந்து ஒரு மனிதரை எடுத்துக் காட்ட முடிகிறதா என்பதே இந்த வினாவின் நோக்கம். மகனைக் கொண்டுவந்த உடனே மாணவர் பகுதியைப் படிப்பதை நிறுத்திவிடுகிறார். எல்லாச் செயலுக்கும் அந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடிகிறது அல்லவா? கையோரத்தில் மடித்த இரண்டு விரல் துணி அப்படி எழுதிய எவர் விடையிலும் வரவில்லை.

எல்லா வினாவும் இப்படி இராது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ விரிவானப் பகுதியாக இருக்கிறது. அந்தக் கதையில் மனிதத்தை வெளிப்படுத்தும் மாந்தரைப் பற்றி எழுதச் சொன்னால் முழுக்கதையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே தாளில் பகுதி எதுவும் அச்சாகியிராது. “மட்டும்”, “கீழ்க்காணும் பகுதியைக் கொண்டு” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

“அன்பானவள், பொறுமையானவள், கடின உழைப்பாளி, ஏழை என்று நான்கு பண்புகள் எழுதினேன். ஐந்துக்கு இரண்டுதான் வந்தது. ஏன்?”

ஒவ்வொன்றாகப் பகுதியில் வைத்துப் பார்ப்போம்.

உழைப்பாளி என்பதற்குச் சான்று இருக்கிறது: மழை, பாதி இறங்கிய தட்டி, விடிந்தால் பள்ளி, மீதி மூன்று சட்டை. ஆனால் “கடின உழைப்பாளி” என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த பண்புக்குத் தாவிவிட்டீர்கள். எந்த வரியிலிருந்து சொல்கிறீர்கள் என்று காட்டவில்லை. அதனால் பாதி மதிப்பெண்.

பொறுமை எங்கே இருக்கிறது? “எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு வந்தாயா?” என்று நனைந்து நிற்கும் பிள்ளையிடம் கேட்பவளைப் பொறுமைசாலி என்று சொல்ல முடியாது. ஏழை என்பதற்கும் சான்று இல்லை. சிறிய கடை என்றுகூடப் பகுதி சொல்லவில்லை. தையற்காரி என்றாலே ஏழை என்பது நம் தலைக்குள் இருப்பது, தாளில் இருப்பது அன்று. இன்னும் சிலர் “கணவனை இழந்தவள்” என்றும் எழுதியிருந்தார்கள். பெண் தனியாகக் கடையில் உட்கார்ந்தால் கணவன் இறந்திருக்க வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

அன்பு? இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் அகலமானது. எந்தக் கதையின் எந்த அம்மாளுக்கும் பொருந்தும். இவளுடைய அன்புக்கு ஒரு குறிப்பான வடிவம் உண்டு. அவள் கொஞ்சவில்லை, தலையைத் துவட்டிவிடவில்லை. அடுத்த வருடம் பையனின் கை நீளும் என்று இப்போதே துணியை உள்ளே விட்டுத் தைத்திருக்கிறாள். “முன்யோசனையுள்ள அக்கறை” என்று எழுதினால் அது பேச்சியம்மாளுக்கு மட்டும் பொருந்தும். நீங்கள் எழுதிய பண்புச் சொல்லை வேறு கதையின் மாந்தருக்கு மாட்டிப் பாருங்கள். அப்படியே பொருந்தினால் சொல்லை இன்னும் இறுக்க வேண்டும்.

அந்தத் துணியில் இன்னொன்றும் இருக்கிறது. பையன் வந்து நிற்பதற்கு முன்பே அது மடித்துத் தைக்கப்பட்டுவிட்டது. அதாவது கூலி வருமா வராதா என்று தெரியாத நேரத்தில் செய்த வேலை அது. பகுதியிலேயே ஆகக் கனமான சான்று இந்த வாக்கியம்தான் என்பேன். பலர் இதைத் தையல் விவரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

“காசு வைக்காமல் எதுவும் வாங்க முடியாது என்று சண்முகம் சொல்கிறாரே. அப்படியானால் அவள் கறார் பேர்வழி என்று எழுதலாம்தானே?”

அடுத்தவர் சொல் சான்றுதான். ஆனால் அது முதலில் ஊர்ப்பேச்சுக்குச் சான்று, அதற்குப் பிறகுதான் அவளுக்கு. சண்முகமும் “ஊர் சொல்கிறது” என்றுதான் சொல்கிறார். “நான் பார்த்தேன்” என்று சொல்லவில்லை.

அவர் அதை எப்போது சொல்கிறார் என்று கவனியுங்கள். காசு வைக்காமலே ஒரு சட்டை கடையை விட்டுப் போகும்போது சொல்கிறார். சிரித்துக்கொண்டு சொல்கிறார். ஊர் சொல்வது பொய் என்று தெரிந்து கிண்டல் செய்கிறார் என்றும் படிக்கலாம். இளகிவிட்டாயே என்று குத்திக்காட்டுகிறார் என்றும் படிக்கலாம். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அவளுடைய பெயர் ஒன்றாகவும் செயல் வேறாகவும் இருக்கின்றன என்பது இரண்டு வாசிப்பிலும் மாறாது. அதை எழுதுங்கள்.

கறார் என்பதை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். அவள் கேட்கும் முதல் கேள்வியே “கூலி கொண்டுவந்தாயா?” என்பதுதான். அது அவளே சொன்னது. பணக்கணக்கில் கண்டிப்பானவள் என்பதற்கு அந்த வரியைச் சான்றாக வையுங்கள். சண்முகத்தின் சொல்லை அதற்குத் துணையாக மட்டும் வையுங்கள். இதை மாற்றிச் செய்தவர்கள்தான் “பேச்சியம்மாள் பேராசைக்காரி” என்று முடித்திருந்தார்கள்.

“நோட்டில் கடனைத் தள்ளுபடி செய்து எழுதினாள் என்று போடலாமா?”

பகுதி “எதையோ” என்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அந்த வாக்கியத்தையே எழுதினேன்.

என்ன எழுதினாள் என்பதை நீங்கள் நிரப்பினால் அது உங்கள் கதை. கூலியைக் கடன் கணக்கில் ஏற்றியிருக்கலாம், அடித்திருக்கலாம், காஜா எடுக்க மீதி மூன்று சட்டை என்று குறித்திருக்கலாம். ஆனால் தெரியாத அந்த எழுத்தைச் சுற்றித் தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. அவள் சண்முகத்துக்குப் பதில் சொல்லவில்லை. சற்று முன் பையனுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தவள் இவள். வாய் இல்லாதவள் என்று சொல்ல முடியாது. ஆகவே பேசாமல் இருப்பது அவளே எடுத்த முடிவு. பிறகு பக்கத்தை மடித்துவைக்கிறாள்.

இவ்வளவிலிருந்து “தான் செய்ததை விளக்கவோ சொல்லிக்காட்டவோ விரும்பாதவள்” என்று துணிந்து எழுதலாம். “அடக்கத்தின் சிகரம்” என்று எழுத முடியாது. ஊகிக்கலாம், ஆனால் ஊகம் எந்த வரியில் கால் ஊன்றி நிற்கிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். உறுதியில்லாத இடத்தில் “எனத் தோன்றுகிறது”, “எனலாம்” என்று முடியுங்கள். திருத்துபவர் அதைத் தயக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. எது தாளில் இருக்கிறது, எது உங்கள் ஊகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்.

“படத்தில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, நடுவில் ஒரு வரி மங்கல். தெரியாத இடத்தை ஊகித்துக்கொள்ளலாமா?”

வேண்டாம். தாள் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இன்னொரு படம் கேளுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால் தெளிவாகத் தெரியும் வரிகளை மட்டும் சான்றாக எடுங்கள்.

படத்தில் பெரும்பாலும் காணாமல்போவது பகுதி இல்லை, வினாதான். பகுதியை நிரப்பிப் படம் எடுக்கும்போது மேலே உள்ள குறிப்பு வரியும் வலது ஓரத்தில் உள்ள மதிப்பெண்ணும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. தோழி அனுப்பிய படத்தைப் பார்த்து எழுதிய ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதி வந்தாள். முழுக்கதையும் அதில் இருந்தது. படத்தை வாங்கிப் பார்த்தேன்: “மட்டும்” இருந்த வரியின் மேல் கட்டைவிரல் நிழல். அவள் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் மங்கலால் வரும் ஆபத்து ஒன்று தனியாக உண்டு. கை ஆடி எடுத்த படத்தில் ‘ள்’ எது ‘ன்’ எது என்று தெரியாது. “பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்தாள்” என்பதை ஒருவர் “எடுத்தான்” என்று படித்துவிட்டார். பை பையனுடையதாகிவிட்டது, பேச்சியம்மாளின் ஒரு செயல் அப்படியே விடையிலிருந்து கழன்றுவிட்டது. இப்படிச் சந்தேகம் வந்தால் முன்வாக்கியத்தைப் பாருங்கள். “நில்லடா” என்று நிறுத்தியது அவள். நிறுத்தியவள்தான் எதையோ கொடுக்கப் போகிறாள். எழுவாயும் “அவள்” என்று தெளிவாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அதுவும் மங்கலாக இருந்து, முன்பின் வரிகளும் உதவாவிட்டால் அந்தச் செயலை விட்டுவிடுங்கள். நான்கு உறுதியான சான்று இருக்கும் இடத்தில் ஐந்தாவதை யூகித்து வைப்பது வீண்.

புள்ளிகள் மட்டும் வரிசையாக இருந்தால் அது மங்கல் இல்லை. வினா எடுத்தவர் அங்கே சில வரிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று பொருள். அந்த இடத்தை உங்கள் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள்.

“பகுதியிலிருந்து எவ்வளவு வரியை மேற்கோளாக எடுத்து எழுதலாம்?”

நான்கைந்து சொல் போதும். பகுதி திருத்துபவரின் கையிலும் இருக்கிறது. முழு உரையாடலையும் பார்த்து எழுதினால் அது பக்கத்தைத்தான் நிரப்பும்.

“ஒரு விடையை முழுதாக எழுதிக் காட்டுங்களேன்.”

சரி. ஐந்து மதிப்பெண்ணுக்கு இந்த அளவு போதும்.

> பேச்சியம்மாள் சொல்லில் கடுமையும் செயலில் கனிவும் கொண்ட தையற்காரி. நனைந்து வந்த சிறுவனிடம் அவள் முதலில் கேட்பது “கூலி கொண்டுவந்தாயா?” என்பதே. தந்தை சனிக்கிழமை தருவார் என்றதும் “எந்தச் சனிக்கிழமை” என்று குத்தலாகக் கேட்கிறாள். கணக்கில் கண்டிப்பானவள் என்பதும், வாக்கை எளிதில் நம்பாதவள் என்பதும் இதில் தெரிகின்றன.
>
> ஆயினும் கூலி பெறாமலே சட்டையைத் தந்துவிடுகிறாள். கையோரத்தில் இரண்டு விரல் அகலத் துணியை உள்ளே விட்டுத் தைத்திருப்பது, சிறுவன் வளர்வான் என்பதையும் அவன் தந்தையால் ஆண்டுதோறும் புதுச்சட்டை வாங்க இயலாமல் போகலாம் என்பதையும் அவள் முன்பே எண்ணியிருப்பதைக் காட்டுகிறது. “அலைக்கழிக்காதே” என்ற அதட்டலும் அந்தத் தந்தைக்காகப் பேசுவதே. சட்டை நனையாமல் இருக்கப் பை தேடிக் கொடுப்பதிலும் இதே அக்கறை தெரிகிறது.
>
> மழையிலும் கடையை முழுவதும் அடைக்காமல், விடிவதற்குள் முடிக்க வேண்டிய சட்டைகளோடு அமர்ந்திருப்பதால் பொறுப்புணர்வு உடையவள் எனலாம்.
>
> காசு வைக்காமல் அவளிடம் எதுவும் வாங்க முடியாது என்பது ஊர்ப்பேச்சு. கண்ணெதிரே நடந்தது அதற்கு மாறாக இருந்தும், அவள் அதைச் சுட்டிக்காட்டித் தன்னை நியாயப்படுத்தவில்லை. தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதைப் பெரிதுபடுத்தாதவள் எனத் தோன்றுகிறது.

இதில் நான் பகுதியின் வரிசைப்படி போகவில்லை. தட்டியும் மீதிச் சட்டைகளும் பகுதியில் முதலில் வருகின்றன. விடையில் மூன்றாவதாகத்தான் வைத்தேன். இந்தப் பெண்ணிடம் முதலில் கண்ணில் படுவது பேச்சுக்கும் கைக்கும் உள்ள முரண் என்பதால் அதைத் தலையில் வைத்தேன். வரிசைப்படி போனால் விடை கதைச்சுருக்கமாக மாறிவிடும். “பிறகு”, “அதன்பின்” என்ற சொற்கள் அடிக்கடி வந்தால் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதையும் பாருங்கள். இருக்கிற எல்லாச் சான்றையும் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் எனக்கே ஐயம் உண்டு. தந்தையால் “வாங்க இயலாமல் போகலாம்” என்றது பகுதியில் நேரடியாக இல்லை. கூலிக்குத் தவணை சொன்னதிலிருந்து எடுத்தது. அதனால்தான் “போகலாம்” என்று மட்டும் எழுதினேன்.

“அதே பகுதியைக் கொடுத்துச் சிறுவனைப் பற்றிக் கேட்டால்?”

மூன்று நான்கு வரிக்குமேல் வராது, இழுக்க வேண்டாம். மறுநாள் பள்ளி என்பதால் மழையில் நனைந்தே வந்து நிற்கிறான், சட்டைமேல் அவ்வளவு ஆர்வம். கூலி கேட்டதும் மழுப்பாமல் அப்பா சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறான். அந்தப் புதுச்சட்டையையே தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடப் பார்ப்பதில் அவன் வயது தெரிகிறது. பெயரும் வகுப்பும் பகுதியில் இல்லை, நீங்களும் வைக்காதீர்கள்.